தீபாவளி போனஸை ஊழியர்களிடம் எப்படிச் சொல்வது: அறிவிப்புப் பலகை, வாட்ஸ்அப், தனிக் கடிதம்

பினாங்கு பெருநிலத்தில், பட்டர்வொர்த்தில், மசாலைத் தூள் அரைக்கும் சிறிய ஆலை ஒன்றை என் தந்தைக்குப் பிறகு நான் நடத்தி வருகிறேன். எங்களிடம் பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் எட்டுப் பேர் தமிழர்கள், இருவர் மலாய்க்காரர்கள், ஒருவர் நேப்பாளத்திலிருந்து வந்தவர். 2025ஆம் ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி, திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு மாதச் சம்பளத்தைப் போனஸாகக் கொடுத்த எங்களால் அந்த ஆண்டு அரை மாதம்தான் கொடுக்க முடிந்தது. தொகையை முடிவு செய்ய எனக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. ஆனால், குறைந்துபோன தொகையை, அதை வாங்கப்போகிறவர்கள் மனம் நோகாமலும், நான் எதையும் மறைக்காமலும் எப்படிச் சொல்வது என்பதை முடிவு செய்ய இரண்டு வாரம் ஆனது. என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் எங்கள் ஆலை வெவ்வேறு ஆண்டுகளில் கையாண்டிருக்கிறது என்பதால், ஒவ்வொன்றைப் பற்றியும் பட்டறிந்தே எழுதுகிறேன்.

முதலாவது, ஆலையின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. என் தந்தையின் காலத்தில் இதுதான் வழக்கம். “அனைத்து ஊழியர்களுக்கும் தீபாவளி போனஸ் வழங்க நிர்வாகம் முடிவு செய்துள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்” என்று தொடங்கும் அந்தத் தாளை ஆண்டுதோறும் தேதியை மட்டும் மாற்றி ஒட்டுவோம். இதில் உள்ள நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எல்லாரும் ஒரே சொற்களைப் படிக்கிறார்கள். கணக்காய்வாளர் கேட்டால் காட்டுவதற்கு ஒரு பதிவு இருக்கிறது. போனஸ் எந்த அடிப்படையில் கணக்கிடப்பட்டது என்பதில் பின்னால் கருத்து வேறுபாடு வந்தால், திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு தாள் இருக்கிறது. ஆனால், பலகையில் தனி மனிதரின் தொகையை எழுத முடியாது. ஆகவே, படிக்கிறவருக்கு உண்மையில் வேண்டிய ஒரே செய்தி, அதாவது தன் கைக்கு எவ்வளவு வரும் என்பது, அதில் இருப்பதே இல்லை. பலகையைப் படித்துவிட்டு எல்லாரும் மேற்பார்வையாளரிடம் போய்ச் சேமநிதி பிடிப்பார்களா, எந்தத் தேதியில் வரும், சம்பளத்தோடு சேர்ந்து வருமா என்று கேட்பார்கள். அவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்வார், தெரியாததை ஊகித்துச் சொல்வார். “நிர்வாகம்” என்ற சொல்லும் எங்களைப் போன்ற இடத்துக்குப் பொருந்தவில்லை. பதினொரு பேர் உள்ள ஆலையில் நிர்வாகம் என்பது நான் ஒருத்திதான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாவது, வாட்ஸ்அப் குழுவில் எழுதுவது. 2023ஆம் ஆண்டில் நான் இதைத்தான் செய்தேன். அந்தத் தவறின் விவரத்தைச் சொல்வது பயனுள்ளது. இரவு பத்து மணிக்கு, மனம் நிறைந்திருந்த வேளையில், “இந்த ஆண்டு எல்லாருக்கும் ஒரு மாத போனஸ், உங்கள் உழைப்புக்கு நன்றி” என்று எழுதி அனுப்பினேன். ஒரு நிமிடத்துக்குள் கைகூப்பும் படங்களும் நன்றிகளும் வரிசையாக வரத் தொடங்கின. மறுநாள் காலையில்தான் எனக்கு இரண்டு செய்திகள் உறைத்தன. ஒன்று, பொது இடத்தில் முதலாளி எழுதியவுடன் நன்றி சொல்லியாக வேண்டிய கட்டாயத்தில் எல்லாரையும் நிறுத்தியிருக்கிறேன். யாருக்காவது கேள்வி இருந்தால் பத்து நன்றிகளுக்கு நடுவே அதைக் கேட்க அவருக்கு வாய் வராது. மற்றொன்று, நான்கு மாதங்களுக்கு முன் பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்த ஒரு தம்பிக்கு, எங்கள் வழக்கப்படி மாதக் கணக்கில்தான் போனஸ் வர வேண்டும். அவருடைய சம்பளம் அப்போது 1,500 ரிங்கிட். பன்னிரண்டில் நான்கு பங்கு என்றால் 500 ரிங்கிட். “எல்லாருக்கும் ஒரு மாதம்” என்ற என் வரியைப் படித்துவிட்டு அவர் தம் தாயாரிடம் 1,500 ரிங்கிட் என்று சொல்லியிருந்தார்.

நான் அவருக்கு 1,500 ரிங்கிட்டையே கொடுத்தேன், ஏனென்றால் எழுதியது நான். ஆனால், அதற்கு முந்தைய ஆண்டு எட்டு மாதக் கணக்கில் வாங்கிக்கொண்ட ஓர் அக்காவுக்கு அது சரியாகப் படவில்லை. அவர் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை, ஆனால் அந்த வாரம் முழுவதும் என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. வாட்ஸ்அப்பில் சொல்வதன் விரைவு எனக்கு வேண்டியதாக இருந்ததே தவிர, அவர்களுக்கு வேண்டியதாக இருக்கவில்லை. போனஸ் செய்தி இரவோடு இரவாகப் போய்ச் சேர வேண்டிய அவசரச் செய்தியும் இல்லை.

மூன்றாவது வழி, தேநீர் இடைவேளையில் எல்லாரையும் கூட்டி நேரில் சொல்லிவிட்டு, அவரவர் கையில் ஒரு தனிக் கடிதத்தைக் கொடுப்பது. இதற்கும் குறைகள் உண்டு. பேச்சு நீண்டுவிடும். என் தந்தை ஒருமுறை தொழிலில் உள்ள கஷ்டங்களைச் சொல்லத் தொடங்கி, கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் தொகைக்கு வந்தார். அதற்குள் ஆலையை மூடப்போகிறார் என்று பாதிப் பேர் பயந்துவிட்டார்கள். கடிதம் எழுதுவதற்கும் நேரம் பிடிக்கும். மலாய் ஊழியர்கள் இருவருக்கும் நோன்புப் பெருநாளுக்கு முன்பே கொடுத்துவிட்டதால் மீதி ஒன்பது பேருக்குத்தான் எழுதினேன், அதற்கே எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் தேவைப்பட்டன. முப்பது பேருக்கு மேல் உள்ள இடத்தில் ஒருவரே உட்கார்ந்து இதைச் செய்வது இயலாது. அங்கே பலகை அறிவிப்பையே திருத்தமாக எழுதி, தொகையைச் சம்பளச் சீட்டோடு தனியாகக் கொடுப்பதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். எங்கள் அளவுள்ள ஆலைக்கு மூன்றாவது வழிதான் சரி என்று முடிவு செய்தேன். பதிவுக்காக, கணக்கிடும் முறையை மட்டும் நான்கு வரியில் எழுதிப் பலகையிலும் ஒட்டினேன்.

நாளையும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊழியர்கள் தீபாவளித் துணிமணிக்கு ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போவது பெரும்பாலும் பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான். அதற்குப் பிறகு பணம் வந்தால், ஏற்கெனவே கடனாக வாங்கிச் செலவு செய்ததை அடைக்கத்தான் அது பயன்படும். ஆகவே செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை சொல்வது, அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை பணம் போடுவது என்று வைத்துக்கொண்டேன். இடையில் உள்ள இரண்டு வாரம், தொகை குறைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதற்கேற்பச் செலவைத் திட்டமிடுவதற்கு. போனஸ் கூடுகிற ஆண்டில் முன்கூட்டிச் சொல்வது நல்லது என்றால், குறைகிற ஆண்டில் அது கட்டாயம்.

அரைக்கும் பிரிவில் பல ஆண்டுகளாக இருக்கும் ஓர் அக்காவுக்கு எழுதிய கடிதத்தைக் கீழே தருகிறேன். அவருடைய மாதச் சம்பளம் 2,200 ரிங்கிட்.

“வணக்கம் அக்கா. இந்த ஆண்டு உங்களுக்குத் தீபாவளி போனஸ் 1,100 ரிங்கிட். இது உங்கள் அரை மாதச் சம்பளம். இதில் 121 ரிங்கிட் உங்கள் பங்காகச் சேமநிதிக்குப் போகும். ஆலையின் பங்காக 143 ரிங்கிட்டும் உங்கள் சேமநிதிக் கணக்கில் சேரும். இரண்டையும் நவம்பர் 15ஆம் தேதிக்குள் கட்டிவிடுவோம். மீதி 979 ரிங்கிட் அக்டோபர் 10ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். செப்டம்பர் மாதச் சம்பளம் தனியாக, எப்போதும் வரும் நாளிலேயே வரும்.

சென்ற ஆண்டு ஒரு மாதச் சம்பளம் கொடுத்தோம். இந்த ஆண்டு அந்த அளவு கொடுக்க முடியவில்லை. பெரிய அரவை இயந்திரத்தை ஜூன் மாதத்தில் மாற்றியதற்கு 18,000 ரிங்கிட் செலவானது. பழுது பார்க்காமல் புதிதாக வாங்குவது என்று முடிவு செய்தவள் நான். எல்லாருக்கும் இதே அரை மாதக் கணக்குதான். ஓராண்டு நிறையாதவர்களுக்கு, வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பக் கொடுக்கிறோம்.

மே மாதத்தில் இயந்திரம் நின்றுபோன மூன்று நாளும், உணவகங்களுக்குப் போக வேண்டிய மல்லித்தூளைச் சிறிய இயந்திரத்தில் அரைத்து, இரவு எட்டு மணி வரை இருந்து அனுப்பி வைத்தீர்கள். அந்த மூன்று நாளில் ஒரு கடைகூட நம்மை விட்டுப் போகவில்லை. அதை நான் மறக்கவில்லை.

அடுத்த ஆண்டு எவ்வளவு என்று இப்போது சொல்ல எனக்குத் தெரியவில்லை. கூடினாலும் குறைந்தாலும் செப்டம்பர் முடிவதற்குள் உங்களிடம் நேரில் சொல்வேன். வீட்டில் எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.”

கடிதத்தின் முதல் பத்தியில் அன்பான சொல் ஒன்றுகூட இல்லை என்பதை என் மகள் சுட்டிக்காட்டினாள். நான் அதை வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். தொகை தெரியாமல் படிக்கிற நன்றி மொழிகள் யாருடைய காதிலும் விழுவதில்லை. கண் தானாகக் கீழே இறங்கி எண்ணைத் தேடும். கழிவு எவ்வளவு, கைக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், அதன் பிறகு எழுதியதை மனிதர்கள் நிதானமாகப் படிக்கிறார்கள். 1,100 என்று மட்டும் எழுதிவிட்டு, வங்கியில் 979 வந்து நின்றால், எவ்வளவு இனிமையாக எழுதிய கடிதமும் பொய் சொன்ன கடிதமாகிவிடும்.

கழிவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறு தொழில் நடத்துகிறவர்களில் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஊழியர் சேமநிதிச் சட்டப்படி போனஸுக்கும் சேமநிதி கட்டியாக வேண்டும். அக்காவின் அளவுச் சம்பளத்தில் ஊழியரின் பங்கு 11 விழுக்காடு, முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட்டுக்குள் உள்ள ஒருவருக்குப் போனஸ் சேர்ந்ததால் அந்த மாதத்தில் மட்டும் 5,000 ரிங்கிட்டைத் தாண்டினாலும் முதலாளி 13 விழுக்காடே கட்ட வேண்டும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோவுக்கு ஆண்டு போனஸ் கணக்கில் வராது. வருமான வரிக்கான மாதாந்திரக் கழிவைக் கூடுதல் சம்பளம் வாங்குபவர்களுக்குத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். இந்த அக்காவுக்கு அது வரவில்லை. வெளிநாட்டு ஊழியர்களுக்கு 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து சேமநிதி கட்டாயமாகி, இரு தரப்பும் 2 விழுக்காடு கட்ட வேண்டியதாயிற்று. ஆகவே நேப்பாளத் தம்பியின் கடிதத்தில் கழிவு வேறாக இருந்தது. அவருக்கு அது புதிய கழிவு என்பதால், பணம் எங்கே போகிறது, யார் பெயரில் இருக்கும் என்று மலாயில் எழுதிக் கொடுத்ததோடு நேரிலும் விளக்கினேன். அவர்களுடைய திகார் பண்டிகை தீபாவளியை ஒட்டியே வருவதால் அவருக்கும் இதே நாளில் கொடுப்பது வழக்கம். மலாய் ஊழியர்கள் இருவருக்கும் நோன்புப் பெருநாளுக்கு முன்பே அரை மாதம் கொடுத்துவிட்டோம். பலகையில் ஒட்டிய தாளில் அதையும் ஒரு வரியில் எழுதினேன், இல்லாவிட்டால் அவர்களுக்குக் கூடவோ குறையவோ கொடுத்ததாக யாராவது நினைக்க இடமிருக்கும்.

குறைந்ததற்கான காரணத்தை எழுதுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. முதல் வரைவில், “குறைந்தபட்சச் சம்பளம் பிப்ரவரியில் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்ததாலும்” என்று ஒரு வரி இருந்தது. அது உண்மைதான். எங்கள் மாதச் சம்பளச் செலவு அதனால் கூடியது. ஆனால், அந்த வரியைப் படிக்கிற ஊழியருக்கு, தமக்குச் சட்டப்படி கிடைத்த உயர்வை முதலாளி மற்றொரு கையால் திரும்ப எடுத்துக்கொள்கிறார் என்றுதான் தோன்றும். யோசித்துப் பார்த்தால், இயந்திரம் வாங்காமல் இருந்திருந்தால், சம்பளம் உயர்ந்த பிறகும் முக்கால் மாதமாவது கொடுத்திருப்பேன். அதனால் பெரிய காரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டேன். “தவிர்க்க முடியாத காரணங்களால்” என்று எழுதுவதைவிட, செலவு செய்ய முடிவெடுத்தவள் நான் என்று எழுதுவது எனக்குக் கூசியது. இருந்தாலும், அந்தப் புதிய இயந்திரத்தைத் தினமும் இயக்குகிறவர்களுக்கு அதன் விலை தெரிந்திருப்பது நியாயம்தானே.

அடுத்த ஆண்டைப் பற்றிய வரிக்கும் மாற்று வாசகங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். வேலைவாய்ப்புச் சட்டம் 1955 போனஸ் கொடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டும் அது கொடுத்தே தீர வேண்டிய பணமாகிறது. எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி இல்லை. ஒரே கணக்கில் ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டே வந்தால் அதுவே உரிமை என்ற வாதத்துக்கு இடமாகலாம் என்பதால், “இது நிர்வாகத்தின் முழு விருப்பத்துக்கு உட்பட்டது, உரிமையாகக் கோர முடியாது” என்று எழுதும்படி எங்கள் கணக்காளர் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால், நன்றி சொன்ன அதே தாளில் அந்த வரி நின்றால், மேலே எழுதிய எல்லாவற்றையும் அது அழித்துவிடும். அடுத்த ஆண்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவதும் நேர்மையாகப் படவில்லை. ஆகவே, விருப்பத்தின் பேரில் கொடுப்பது என்ற சட்டக் குறிப்பைப் பலகைத் தாளில் வைத்தேன். கடிதத்தில், தொகை எனக்குத் தெரியாது என்பதையும் எந்தத் தேதிக்குள் சொல்வேன் என்பதையும் எழுதினேன். வாக்குறுதி கொடுக்க முடிந்தது தேதிக்கு மட்டுமே.

நன்றி சொல்லும் பத்தியில் நான் முக்கியமாகக் கருதியது ஒன்று. கடிதங்களை அவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். மதிய உணவுக்குள் ஒன்பது கடிதங்களும் ஒரே மேசையில் இருக்கும் என்று எண்ணித்தான் எழுத வேண்டும். ஒருவரை “மிகச் சிறந்த உழைப்பாளி” என்று எழுதினால் மற்ற எட்டுப் பேரும் தாழ்ந்துபோவார்கள். ஒன்பது பேருக்கும் அதையே எழுதினால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போகும். ஆகவே குணத்தைப் புகழாமல், இந்த ஆண்டில் அவர் செய்த ஒரு செயலை, மாதத்தோடு, நான் கண்டபடி எழுதினேன். ஒரு தம்பிக்கு எழுத எந்தச் செயலும் நினைவுக்கு வரவில்லை. கற்பனையாக எழுத மனமில்லாமல் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். ஈரம் பட்ட மிளகு மூட்டை இரண்டை இறக்கும்போதே கண்டு ஒதுக்கி வைத்தது அவர்தான் என்று அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது. “இனியும் கடினமாக உழைப்பீர்கள் என்று நம்புகிறோம்” என்ற வழக்கமான வரியை எந்தக் கடிதத்திலும் சேர்க்கவில்லை. முடிந்த ஆண்டுக்கான பணத்தோடு வரும் ஆண்டுக்கான கோரிக்கையை இணைத்தால், கொடுத்தது கூலிக்கான முன்பணம்போல் ஆகிவிடும்.

செப்டம்பர் 26 அன்று நான் பேசியது மூன்று நிமிடம்கூட இருக்காது. அரை மாதம் என்பதையும், சென்ற ஆண்டைவிடக் குறைவு என்பதையும், காரணத்தையும், தேதியையும் சொன்னேன். சொல்லும்போது சிலர் முகம் வாடியது. அதை நான் பார்த்தேன், பார்க்க வேண்டியதுதான். பிறகு கடிதங்களைக் கொடுத்துவிட்டு, கேள்வி உள்ளவர்கள் மாலை வரை எப்போது வேண்டுமானாலும் அலுவலகத்துக்கு வரலாம் என்று சொன்னேன். முந்தைய ஆண்டுகளில் மேற்பார்வையாளரிடம் குவிந்த தேதி, கழிவு பற்றிய கேள்விகள் இந்த முறை ஒன்றுகூட வரவில்லை.

வந்த ஒரே கேள்வி, நான் எழுத மறந்துபோன ஒன்றைப் பற்றியது. சலிக்கும் பிரிவில் இருந்த ஒரு தங்கை, அக்டோபர் மாதக் கடைசியோடு வேலையை விட்டு ஈப்போவில் உள்ள தம் கணவர் வீட்டுக்குப் போவதாக ஏற்கெனவே கடிதம் கொடுத்திருந்தார். அன்று மாலை நாலரை மணிக்கு வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, “அக்கா, நான் நிக்கப்போறேனே, எனக்கும் இது உண்டா, இல்ல கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துடணுமா?” என்று கேட்டார். போனஸ், முடிந்த ஆண்டின் வேலைக்கு என்று நானே எழுதியிருக்கும்போது, அவர் அந்த ஆண்டில் செய்த வேலை எங்கும் போய்விடவில்லை. கடிதத்தை வைத்துக்கொள்ளும்படி சொன்னேன். அக்டோபர் 10 அன்று அவருக்கும் முழுத் தொகை போனது. பணம் போடும் நாளில் வேலையில் இருப்பவர்களுக்கும், அப்போது விலகல் கடிதம் கொடுத்திருப்பவர்களுக்கும் போனஸ் உண்டு என்ற வரியை அன்றே பலகைத் தாளில் பேனாவால் எழுதிச் சேர்த்தேன்.